கட்டடம் ஜெலி போல ஆடும்போது: மென்பொருளா, வடிகட்டியா, விசிறியா, புதிய கமெராவா?

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரமாக உள்ள ஒரு தொடர்மாடிக் குடியிருப்பை விற்பனைக்காக ட்ரோனில் படம்பிடித்துக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கடற்பக்கத்திலிருந்து கட்டடத்தை நோக்கி மெதுவாக வருவதும், பக்கவாட்டில் நகர்ந்து பல்கனிகளைக் காட்டுவதுமாக மொத்தம் 7 காட்சிகள் எடுத்தேன். ட்ரோனோடு வரும் சிறிய திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தன. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டபோதுதான், நேராக நிற்கவேண்டிய பல்கனிக் கம்பிகள் மேலிருந்து கீழ்வரை பாம்புபோல நெளிவதைக் கண்டேன். அதை நான் சொல்வதற்கு முன்பே, மாதிரிக்கு அனுப்பிய காட்சியைப் பார்த்த கட்டட உரிமையாளர் தொலைபேசியில் அழைத்துவிட்டார். “தம்பி, கட்டடம் என்ன தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி ஆடுது? வாங்க வாறவங்கள் அத்திவாரம் சரியில்லையெண்டு நினைக்கப் போறாங்கள்” என்றார்.

ஜெலி என்று அழைக்கப்படும் இந்த நெளிவைப் போக்க நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. எடுத்த காட்சியை மென்பொருளில் திருத்துவது முதலாவது. கமெராவின் முன், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. வடிகட்டி பூட்டி ஷட்டர் நேரத்தை நீட்டிப்பது இரண்டாவது. விசிறிகளையும், கமெராவை நிலையாகப் பிடிக்கும் கிம்பலைத் தாங்கும் இறப்பர்களையும் சரிசெய்து அதிர்வையே குறைப்பது மூன்றாவது. படத்தைப் பதியும் உணரி வேகமாக வாசிக்கும் வேறு கமெராவுக்கு மாறுவது நான்காவது. நான்கும் ஒரே நோயின் வெவ்வேறு இடங்களைத் தொடுகின்றன; எதற்கு எப்போது செலவழிக்கலாம் என்பதை அந்த நோய் உண்டாகும் விதத்தைக் கொண்டே தீர்மானிக்க முடியும். நான் இங்கே பேசுவது, சுமார் 900 கிராம் எடையுள்ள, மடிக்கக்கூடிய, கிம்பலில் கமெரா தொங்கும் ட்ரோனைப் பற்றி. திருமண வீடியோ எடுப்பவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது அந்த வகைதான்.

ரோலிங் ஷட்டர் உள்ள கமெரா ஒரு படச்சட்டத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. உணரியின் மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையாகக் கீழ்நோக்கி வாசித்துக்கொண்டு போகும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் கழியும் நேரமே வாசிப்பு நேரம். அந்த நேரத்துக்குள் கமெரா இடமும் வலமும் நடுங்கினால், ஒவ்வொரு வரிசையும் சற்று வேறு திசையைப் பார்த்துப் பதிவாகும். அதனால் நேர்கோடு அலையாகிறது. கடலையோ மரத்தின் இலைகளையோ எடுத்தால் இது கண்ணில் படாமல் போய்விடும். கட்டடம், மின்கம்பம், கோபுரம் என்று நிமிர்ந்து நிற்கும் பொருள்கள்தான் காட்டிக்கொடுக்கும். தொடர்மாடி வேலைகளில் இந்தச் சிக்கல் பூதாகரமாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

எந்த வழியையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் இரண்டு எண்களைக் கண்டுபிடித்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் செலவு இல்லை.

முதலாவது, உங்கள் கமெராவின் வாசிப்பு நேரம். இலங்கையில் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், பழைய சோக் பூட்டிய டியூப் லைட்டோ மலிவான எல்.ஈ.டி. விளக்கோ செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிரும். அதாவது 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை. ட்ரோனை மேசையில் வைத்து, அந்த விளக்கு மட்டும் எரியும் அறையில் வெள்ளைச் சுவரைப் பார்க்கவிட்டு, வேலைக்குப் பயன்படுத்தும் அதே 4K 25 நிலையில், அதாவது செக்கனுக்கு 25 படச்சட்டங்கள் எடுக்கும் நிலையில், ஷட்டரை 1/2000 செக்கனில் நிறுத்திப் பதிவுசெய்யுங்கள். சுவரில் குறுக்காகக் கரிய பட்டைகள் விழும். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டை வரையுள்ள தூரம் 10 மில்லிசெக்கன் ஆகும். என் கமெராவில் படச்சட்டத்தின் உயரத்துக்குள் இரண்டு பட்டைகள் அடங்கின; எனவே வாசிப்பு நேரம் சுமார் 20 மில்லிசெக்கன். நல்ல எல்.ஈ.டி. விளக்குகள் மினுங்குவதில்லை என்பதால் அவற்றின் கீழ் பட்டை விழாது. எங்கள் வீட்டில் குளியலறை விளக்குத்தான் உதவியது. வேறு பதிவு நிலைக்கு மாறினால் வாசிப்பு நேரமும் மாறக்கூடும் என்பதால் நிலையை மாற்றாமல் அளக்கவேண்டும்.

இரண்டாவது எண், நெளிந்த காட்சியில் உள்ள அலைகளின் எண்ணிக்கை. காட்சியை ஓரிடத்தில் நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை போகும் ஒரு கம்பியைத் தெரிந்தெடுத்து, அது எத்தனை தடவை முழுதாக நெளிந்து திரும்புகிறது என்று எண்ணினேன். இரண்டு முழு அலைகள் இருந்தன. 20 மில்லிசெக்கனில் இரண்டு அலை என்றால் மீடிறன் 100 ஹேர்ட்ஸ். நிமிடத்துக்கு 6000 சுற்று. இந்த அளவு ட்ரோன் அந்தரத்தில் நிற்கும்போது விசிறி சுற்றும் வேகமும் ஏறத்தாழ அதுதான். ஆகவே விசிறியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை உதைப்பு ஏற்படுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு உதைப்பு என்பது எடைச் சமநிலை கெட்டதன் அடையாளம். நான்கு அலைகள் இருந்திருந்தால் அது இரண்டு இறக்கைகளும் மோட்டாரைத் தாங்கும் ட்ரோனின் கையைக் கடக்கும்போது காற்று தரும் உதைப்பாக இருக்கும்; அங்கே விசிறியை மாற்றுவதைவிட இறப்பரைப் பார்ப்பதே பயன் தரும். அலையே இல்லாமல் முழுக் கட்டடமும் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தால், அது காற்றாலோ கிம்பலின் தடுமாற்றத்தாலோ வருகின்ற மெதுவான அசைவு. பலர் மூன்றையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மருந்தைத் தேடுகிறார்கள்.

மென்பொருளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லாரும் முதலில் போவது அங்கேதான். கொழும்பில் அதற்கு நியாயமும் இருக்கிறது. நகருக்குள் ட்ரோன் பறக்கவிடுவதற்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்புத் தரப்பின் அனுமதியும் தேவைப்படுவதால், “நாளைக்குப் போய்த் திரும்ப எடுப்போம்” என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எனக்குக் கிடைத்த அனுமதி திகதி குறிப்பிட்ட ஒன்று. ஆகவே கையிலிருக்கும் காட்சியைக் காப்பாற்ற முடிந்தால் அதுவே மிச்சம் என்று நானும் இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன்.

வீடியோ திருத்தும் மென்பொருள்களான பிரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் உள்ள `Rolling Shutter Repair`, கமெரா பக்கவாட்டில் வேகமாகத் திரும்பும்போது கட்டடங்கள் சரிந்து தெரிவதை நிமிர்த்துவதற்காக உருவாக்கப்பட்டது. `Rolling Shutter Rate` என்ற இடத்தில் வாசிப்பு நேரம் படச்சட்ட நேரத்தில் எத்தனை வீதம் என்று கொடுக்கவேண்டும். 25 சட்டத்தில் ஒரு சட்டத்துக்கு 40 மில்லிசெக்கன் இருப்பதால் எனக்கு அது 50 வீதம். சரியான எண்ணைக் கொடுத்தும் அலைகள் அப்படியே நின்றன. காரணம் எளிது: இந்தக் கருவி அடுத்தடுத்த சட்டங்களை ஒப்பிட்டு, இடையில் நடந்த அசைவை மதிப்பிடுகிறது. சட்டங்களோ 40 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை வருகின்றன. அதற்குள் கமெரா நான்கு தடவை போய்த் திரும்பிவிடுகிறது. நான்கு முழு அலைவுகளின் முடிவில் கமெரா தொடங்கிய இடத்திலேயே நிற்பதால், மென்பொருளுக்கு எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும். விசிறி சரியாக 100 ஹேர்ட்ஸில் சுற்றாமல் 101இல் சுற்றினால், அலைகள் கம்பியில் மெதுவாக ஊர்ந்து செல்வதைப் பார்க்கலாம். நான்கு மோட்டார்களும் சற்றுச் சற்று வேறு வேகத்தில் ஓடுவதால், நெளிவு கூடுவதும் குறைவதுமாகவும் இருக்கும்.

`Warp Stabilizer` இல் `Rolling Shutter Ripple` என்ற தெரிவை `Enhanced Reduction` ஆக்கினால் சற்று முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதற்கு விலை உண்டு. கட்டடத்தின் நேர்கோடுகள் ஓரளவு அமைதியடைந்தபோது, முன்னால் இருந்த தென்னை மரங்களும் ரயில் பாதையின் மின்கம்பங்களும் தங்கள் பங்குக்கு வளையத் தொடங்கின, விளிம்புகளும் வெட்டுப்பட்டன. 7 காட்சிகளில், நெளிவு ஏற்கனவே சிறிதாக இருந்த 2 காட்சிகளை மட்டும் இப்படிக் கொடுக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது.

கமெரா திரும்புவதை அளக்கும் ஜைரோவின் பதிவைக் கொண்டு வரிசை வரிசையாகத் திருத்தும் ஜைரோஃப்ளோ போன்ற மென்பொருள்கள் கொள்கையளவில் இதைவிட மேலானவை. அவை படத்தைப் பார்த்து ஊகிக்காமல், கமெரா உண்மையில் எப்படி அசைந்தது என்ற பதிவைப் படிக்கின்றன. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஜைரோ கமெராவிலேயே இருக்கவேண்டும். ட்ரோனின் உடலில் உள்ள ஜைரோவின் பதிவு, கிம்பலில் தொங்கும் கமெராவின் நடுக்கத்தைச் சொல்லாது. அத்துடன் அது அதிர்வைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் பதியவேண்டும். 100 ஹேர்ட்ஸ் நடுக்கத்தைப் பிடிக்க செக்கனுக்கு 200 பதிவுகள் போதாது. ஆக்ஷன் கமெராவைக் கிம்பல் இல்லாமல் ட்ரோனில் நேரடியாகப் பூட்டிப் பறப்பவர்களுக்கு இது பெரிய வரம். என் வகை ட்ரோனில் பயன்படவில்லை.

அடுத்தது என்.டி. வடிகட்டி. இணையத்தில் ஜெலிக்கு மருந்து கேட்டால் முதலில் வரும் விடை இதுதான். அது பொய்யில்லை, ஆனால் எந்த எண்ணுள்ள வடிகட்டி என்று சொல்லாத விடை அரைகுறையானது. கொழும்பில் முகிலற்ற பகல் பதினொரு மணி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100, f/2.8 என்ற நிலையில் சரியான ஷட்டர் 1/3200 செக்கன் அளவில் வரும். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒவ்வொரு வரிசையும் நடுக்கத்தின் ஒரு புள்ளியில் உறைந்துபோகிறது. ஆகவே அலை முழு அளவில் பதிவாகும். ஷட்டர் நேரம் நடுக்கத்தின் ஒரு முழு அலைவை, அதாவது எங்கள் கணக்கில் 10 மில்லிசெக்கனை எட்டினால், ஒவ்வொரு வரிசையும் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சேர்த்தே பதிகிறது. எல்லா வரிசைகளுக்கும் சராசரி ஒன்றாகிவிட, அலை மறைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கடையில் எதை வாங்கவேண்டும் என்பது தெளிவாகும். எண் 8 என்றால் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கே உள்ளே போகும்; ஆகவே என்.டி. 8 ஷட்டரை 1/400 வரைதான் இறக்கும். அங்கே அலையின் உயரத்தில் 90 வீதம் அப்படியே இருக்கும். என்.டி. 16 அதை 1/200 ஆக்கும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஞ்சும். என்.டி. 32 இல் 1/100 கிடைக்கும். அது 100 ஹேர்ட்ஸின் ஒரு முழு அலைவு என்பதால் அலை கிட்டத்தட்ட முற்றாகப் போய்விடும். என்.டி. 64 இல் வரும் 1/50 இரண்டு அலைவுகளை உள்ளடக்கும். விசிறியின் வேகம் பறக்கும்போது ஏறியிறங்குவதால், இந்த இரண்டிலும் பத்தில் ஒரு பங்கு அளவு எஞ்சலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான பெட்டிகளில் 4, 8, 16 என்று மூன்று வடிகட்டிகள் வரும். எங்கள் நண்பர் ஒருவர் அந்தப் பெட்டியை வாங்கிப் பூட்டிவிட்டு, “என்.டி. எல்லாம் சும்மா கதை” என்று முடிவுகட்டினார். அவர் பூட்டியது 8.

ஆனால் வடிகட்டி அதிர்வைக் குறைப்பதில்லை. அலையாகத் தெரிந்ததை மங்கலாக மாற்றுகிறது, அவ்வளவுதான். இதை நான் கண்கூடாகப் பார்த்தேன். அந்தக் காட்சிகளில் கம்பி இடமும் வலமுமாக மொத்தம் 5 பிக்செல் அளவு நெளிந்தது. 4K படத்தில் 75 பாகை அகலத்தைக் காட்டும் வில்லையில் ஒரு பாகை சுமார் 50 பிக்செல் என்பதால், கமெரா ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான் ஆடியிருக்கிறது. அனுமதித் திகதி முடிவதற்குள், எதையும் சரிசெய்யாமல் என்.டி. 64 பூட்டி ஒரு காட்சியை எடுத்துப் பார்த்தேன். நெளிவு இல்லை. ஆனால் 200 வீதம் பெருப்பித்துப் பார்த்தபோது, பல்கனியின் ஒவ்வொரு மெல்லிய கம்பியும் இரண்டு மெல்லிய கம்பிகளாகத் தெரிந்தது. ஊசலைப் போல ஆடும் எதுவும் நடுவில் விரைந்தும் இரு முனைகளிலும் தங்கியும் செல்வதால், பதிவும் அந்த இரு முனைகளில்தான் அழுத்தமாக விழுகிறது. கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு இது தெரியாது. தொலைக்காட்சியில் போட்டுக் காட்டப்போகும் விற்பனை அலுவலகத்துக்குத் தெரியும்.

வடிகட்டியின் வேறு எல்லைகளும் உண்டு. மாலை ஆறு மணிக்குக் கடல்மேல் சூரியன் இறங்கும்போது வெளிச்சம் போதாமையால் அதைக் கழற்றிவிடுவோம். அப்போது ஷட்டர் தானாகவே நீண்டிருக்கும் என்பதால் நெளிவு பெரிதாகத் தெரியாது. கிம்பலின் மோட்டார் தாங்கக்கூடிய எடைக்குள் வடிகட்டி இருக்கவேண்டும். சரியாகப் பூட்டப்படாத வடிகட்டி தானே நடுங்கிப் புதிய பிரச்சினையையும் உண்டாக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தும் விடயம், அது நோயை மறைத்துவிடுவது. வெடித்த இறக்கை தரும் எச்சரிக்கையை வடிகட்டி அழித்துவிட்டால், அடுத்து அது எச்சரிப்பது கடலுக்கு மேலாக இருக்கலாம்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும்.

சமநிலை கெட்ட விசிறி எவ்வளவு பலமாக உதைக்கும் என்பதை நான் நீண்ட காலம் குறைவாகவே மதித்திருந்தேன். க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் படித்த வட்ட இயக்கச் சமன்பாடு போதும். இறக்கையின் நுனியை அண்டி, மையத்திலிருந்து 10 சென்ரிமீற்றரில், 0.05 கிராம் மட்டும் குறைந்துவிட்டது என்று வையுங்கள். 6000 சுற்றில் அது தரும் விசை ஏறத்தாழ 2 நியூட்டன். 200 கிராம் எடை கையை அழுத்தும் அளவு விசை, செக்கனுக்கு 100 தடவை பக்கவாட்டில் மாறிமாறித் தள்ளுவதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆகவே சிறிய வெடிப்பு, ஒட்டிய பூச்சி, மணல் கலந்து காய்ந்த உப்பு என்று எதையும் அற்பமாக நினைக்க முடியாது. என் ட்ரோனில் பின் இடது விசிறியின் ஒரு இறக்கையில், முன்விளிம்பில் அரைவாசி அரிசியளவு துண்டு காணாமல் போயிருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. நகத்தை விளிம்பில் மெதுவாக இழுத்தபோது தட்டுப்பட்டது.

மடிக்கும் விசிறிகளில் இறக்கைகள் எடை பொருத்தப்பட்ட சோடியாக வருவதால், ஒன்று பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். இறக்கை தன் ஆணியில் தாராளமாகத் திரும்பவேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். திருகாணியைக் கூடுதலாக இறுக்கினால், சுற்றும்போது இறக்கை தானாக நேராகிக்கொள்ள முடியாமல் சற்று மடிந்தே நிற்கும்; புத்தம்புது இறக்கையாலும் அப்போது நெளிவு வரும். ட்ரோனைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டும்போது இறக்கைகள் தளர்வாக அசைந்தால் சரி.

இறக்கையை மாற்றியும் போகவில்லையென்றால் மோட்டாரைச் சந்தேகிக்கவேண்டும். மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டு மோட்டார்களும் ஒரே திசையில் சுற்றுவதால், அவற்றின் விசிறிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். நல்லதென்று நிச்சயமாகத் தெரிந்த விசிறிகளுடனும் நெளிவு தொடர்ந்தால், குற்றம் மோட்டாரின் தண்டிலோ தாங்கியிலோ இருக்கிறது. விசிறியைக் கழற்றிவிட்டு மோட்டாரின் மணிபோன்ற வெளிக்கூட்டைக் கையால் சுற்றினால், கரகரவென்ற உணர்வு தெரியும். கடற்கரை மணலில் உள்ள கரிய துகள்கள் காந்தத்தில் ஒட்டக்கூடியவை என்பதால், மணலிலிருந்து நேரடியாக ஏற்றியிறக்குவோருக்கு இது அடிக்கடி நேரும். நான் இப்போது காரின் கால்மிதியை விரித்து அதிலிருந்துதான் ஏற்றுகிறேன்.

இறக்கையை மாற்றிய பின் வேறு இடத்தில் அதே உயரத்திலும் அதே 1/3200 ஷட்டரிலும் ஒரு மின்கம்பத்தை எடுத்துப் பார்த்தேன். 5 பிக்செல் நெளிவு 2 ஆகக் குறைந்திருந்தது, போகவில்லை. அப்போதுதான் கிம்பலைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு மூலைகளிலும் கிம்பலைத் தாங்கும் சிறிய இறப்பர் குமிழ்களில், முன் வலப்பக்கத்தின் மேல்முனை தன் துளையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. துளைக்குள் முழுதாக அமர்ந்த இறப்பரின் முனை தகட்டுக்கு மேலே காளான் தலைபோல் தெரியவேண்டும். இது பாதி மட்டும் எட்டிப் பார்த்தது. மழுங்கிய முனையுள்ள சாமணத்தால் அந்தத் தலையைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்ததும், ‘டக்’ என்று உட்கார்ந்துகொண்டது. அதே மின்கம்பம், அதே ஷட்டர்: நெளிவு ஒரு பிக்செலுக்கும் குறைவு.

ஒரு இறப்பர் விலகியதற்கு ஏன் இவ்வளவு தாக்கம் என்பதில்தான் இந்தத் துறையின் நுணுக்கம் இருக்கிறது. தொலைவில் உள்ள கட்டடத்தை எடுக்கும்போது, கமெரா ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் நகர்ந்தால் படத்தில் எதுவும் தெரியாது. அதே கமெரா ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு திரும்பினால் 5 பிக்செல் தெரிகிறது. நான்கு இறப்பர்களும் சமமாகத் தாங்கும்போது, விசிறியின் உதைப்பு கமெராவைப் பெரும்பாலும் நகர்த்துகிறதேயொழியத் திருப்புவதில்லை. ஒரு மூலை விலகியதும், தாங்கும் மையம் எடையின் மையத்திலிருந்து தள்ளிப்போக, அதே உதைப்பு திருப்பமாக மாறிவிடுகிறது. கதவைப் பிணைச்சலுக்கு அருகே தள்ளுவதற்கும் பிடியருகே தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது.

இறப்பரின் மென்மைக்கும் ஒரு கணக்கு உண்டு. கிம்பலும் இறப்பரும் சேர்ந்து தமக்கென்று ஓர் இயற்கை மீடிறனைக் கொண்டிருக்கும். அது 25 ஹேர்ட்ஸாக இருந்தால், 100 ஹேர்ட்ஸ் அதிர்வில் பதினைந்தில் ஒரு பங்குதான் கமெராவை எட்டும். இறப்பர் விறைத்து அது 50 ஆனால் மூன்றில் ஒரு பங்கு எட்டும். 80 ஆகிவிட்டால் பரிவை நெருங்கி, அதிர்வு குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ 1.8 மடங்காகப் பெருகும். இவை இறப்பரின் உள்உராய்வைச் சேர்க்காத கணக்குகள் என்றாலும் போக்கு சரியானது. காரின் பின்பகுதிக்குள் வெயிலில் கிடந்து விறைத்த இறப்பரும், “பலமாக இருக்கட்டும்” என்று சிலர் பூட்டும் தடித்த மாற்று இறப்பரும் ஏன் நெளிவைக் கூட்டுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும். மறுபக்கத்தில், மிதமிஞ்சி மென்மையானதைப் பூட்டினால் கடற்காற்றில் கிம்பல் தொங்கி ஆடும். அப்போது அலைக்குப் பதிலாக முழுப் படமும் மிதக்கும்.

நான்காவது வழியான புதிய கமெராவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வாசிப்பு நேரம் 20இலிருந்து 8 மில்லிசெக்கனுக்குக் குறைந்தால், இரண்டு அலைகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ முக்கால் அலைதான் இருக்கும். நெளிவு குறைந்து சரிவாகத் தெரியும். எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் நெளிவை முற்றாக ஒழிக்கும். சொனி 2023இல் அறிவித்த ஏ9 III அவ்வகையான, பெரிய உணரியுள்ள கமெரா. அதைத் தூக்கப் பெரிய ட்ரோன் வேண்டும். நெளிவு ஒழிந்தாலும் அதிர்வு எங்கும் போவதில்லை: ஒவ்வொரு சட்டமும் முழுதாகச் சற்று விலகிப் பதிவாகும். சட்டத்துக்குச் சட்டம் நிலைப்படுத்த மென்பொருளால் முடியும் என்பதால் அது நல்ல வகைத் தொல்லை, அவ்வளவே. இன்னொரு எச்சரிக்கை: சில ட்ரோன்களின் விளம்பரத்தில் வரும் ‘மெக்கானிக்கல் ஷட்டர்’ நிழற்படத்துக்கு மட்டுமே வேலைசெய்யும். வீடியோவில் அது திறந்தபடியே இருக்கும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது இந்த நோக்கத்துக்குப் பயனற்றது.

இவற்றை எடைபோட்டு நான் எடுத்த முடிவு, நாளை வேலை இருப்பவருக்கும் பழைய காட்சியைக் கையில் வைத்திருப்பவருக்கும் வேறுபடும். நாளை வேலை என்றால் முதலில் இறக்கையும் இறப்பரும்தான். அவற்றின் விலை நான்கில் மிகக் குறைவு, பறப்பின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது, சரிசெய்த பலனை ஒரு மின்கம்பத்தை வைத்தே பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். அதற்குப் பிறகு என்.டி. 32 பூட்டினால், எஞ்சியிருக்கும் ஒரு பிக்செல்லும் கண்ணுக்குத் தெரியாத மங்கலாகிவிடும்; அசைவும் இயல்பாகத் தெரியும். இந்த ஒழுங்கை மாற்றி, வடிகட்டியை முதலில் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சோதனை செய்யும்போது வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஷட்டரை வேண்டுமென்றே 1/3200இல் வைப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் நோய் இருக்கிறதா, மறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது.

பழைய காட்சி மட்டும் கையில் இருப்பவருக்கு மென்பொருளைத் தவிர வேறு வழியில்லை. அவர் அலைகளை எண்ணிவிட்டுத் தொடங்கினால் நேரம் மிஞ்சும். அரை அலைக்கும் குறைவான சரிவாக இருந்தால் திருத்தம் பெரும்பாலும் பலிக்கும். இரண்டு அலைகளும் 5 பிக்செலும் என்றால் மீள எடுக்க அனுமதி கேட்கும் கடிதத்தை எழுதத் தொடங்குவதே மேல். படத்தைச் சிறிதாக்கிக் கொடுப்பது மட்டும் ஒரு தந்திரமாக உதவும்: 4Kயில் 5 பிக்செலாக இருக்கும் நெளிவு, சமூக ஊடகத்துக்காக 1080இல் இறக்கும்போது இரண்டரை ஆகிவிடும்.

உரிமையாளருக்கு நான் உண்மையைச் சொன்னேன். 7 காட்சிகளில் 2ஐ மென்பொருளில் திருத்தி முகநூலுக்கான சிறிய அளவில் கொடுத்தேன். மிகுதி 5ஐயும், இரண்டாவது அனுமதி கிடைத்த பின் அதே பதினொரு மணி வெயிலில், புதிய இறக்கைகளோடும் என்.டி. 32 ஓடும் மீண்டும் எடுத்தேன். அதற்குக் கூலி கேட்கவில்லை. ஏற்றுவதற்கு முன் இறப்பரின் நான்கு காளான் தலைகளையும் அவரே குனிந்து எண்ணிப் பார்த்தார்.